ஆடிக்குப் பிறகு சேர்ந்து சாப்பிட்டார்கள்

ஒரே அனுபவத்தைப் பற்றி ஒரே ஆள் எழுதிய இரண்டு பத்திகள் என்னிடம் இருக்கின்றன. எழுதியவர் என் தாய்மாமா. திசையன்விளைக்குப் பக்கத்தில் பிறந்து, அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் சாஸ்தா கோயிலில் கூடுவோம் இல்லையா, இந்த முறை அதற்கு ஒரு மலர் போடலாம் என்று முடிவானது. ஆளுக்கொரு கட்டுரை. மாமா தன் அப்பாவைப் பற்றி, அதாவது என் தாத்தாவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். பிழை திருத்தும் வேலை எனக்கு. முதல் பத்தி இது:

"என் தந்தையார் ஒரு பனைத் தொழிலாளி. அதிகாலையிலேயே எழுந்து கடுமையாக உழைத்தார். வானுயர்ந்த மரங்களில் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறங்கி எங்களை ஆளாக்கினார். என் தாயார் அவருக்கு எல்லா வகையிலும் உறுதுணையாக இருந்தார். அவர்கள் பட்ட கஷ்டங்களை வார்த்தைகளால் விவரிக்க இயலாது. இன்று நாங்கள் நல்ல நிலையில் இருப்பதற்கு அவர்கள் சிந்திய வியர்வையே காரணம்."

பிழை ஒன்றும் இல்லை. ஒற்று கூட சரியாக இருந்தது. சொல்லியிருப்பதில் பொய்யும் கிடையாது. ஆனாலும் படித்து முடித்ததும், தாத்தாவைப் பற்றி எனக்கு முன்பு தெரிந்திருந்ததைவிட ஒரு இம்மி கூட அதிகமாகத் தெரியவில்லை. ஏன் என்று பார்ப்பதற்காக ஒரு சின்ன வேலை செய்தேன். 'பனைத் தொழிலாளி' என்பதை அடித்துவிட்டு 'உப்பளத் தொழிலாளி' என்று போட்டுப் படித்தேன். 'வானுயர்ந்த மரங்கள்' மட்டும்தான் இடித்தது. அதை 'கொளுத்தும் வெயில்' என்று மாற்றினால் தூத்துக்குடி உப்பளத்துக் குடும்பம் ஒன்றின் மலருக்கு இந்தப் பத்தி அப்படியே போய்விடும். 'பீடித் தொழிலாளி' என்று போட்டால் முக்கூடலுக்கு. ஐந்தாறு வாக்கியம் எழுதியும் மாமா தன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகவே இல்லை.

ஆனால் இதை உடனே மட்டமான எழுத்து என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. மாமாவின் பள்ளிக்கூடத் தோழர் ஒருவர், அவரும் பனையேறி மகன், அதே பத்தியைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானே பார்த்தேன். 'கஷ்டம்' என்ற சொல்லைக் கண்டதும் அவர் தன் அப்பாவின் கஷ்டத்தை எடுத்து அதில் போட்டுக்கொண்டார். பத்தி வெறும் பாத்திரமாக இருந்ததே அவருக்கு வசதியாகப் போயிற்று. கொண்டுவந்து நிரப்ப அவரிடம் சரக்கு இருந்தது. பெங்களூரில் வளரும் மாமாவின் பேத்திக்கு அந்தச் சரக்கு இல்லை. அவளும் படித்தாள். "நல்லாருக்கு தாத்தா" என்றாள். அவ்வளவுதான். மங்கலான எழுத்து, ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு நினைவூட்டும். தெரியாதவர்களுக்கு ஒன்றும் தராது. மலர் யாருக்காக என்று மாமாவிடம் கேட்டேன். "பிள்ளைகளுக்காகத்தான்" என்றார். அப்படியானால் இன்னொரு தடவை உட்காரத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

உறுதுணை என்றால் என்ன வேலை

இந்த மாதிரி பத்தியில் எங்கே கை வைப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் வழி எளியது. முடிவைச் சொல்லிவிட்டு, அந்த முடிவுக்கு ஆள் எப்படி வந்தார் என்பதைச் சொல்லாமல் விட்ட சொற்களைத் தேடுவேன். 'கடுமையாக' ஒரு முடிவு. 'உயிரைப் பணயம் வைத்து' ஒரு முடிவு. 'விவரிக்க இயலாது' என்பது முடிவு கூட இல்லை, கடையைச் சாத்துவது. இவற்றில் என்னை அதிகமாக உறுத்தியது 'எல்லா வகையிலும் உறுதுணை' என்பதுதான். தாத்தாவுக்காவது ஏறினார், இறங்கினார் என்று இரண்டு வினைச்சொற்கள் கிடைத்தன. ஆச்சிக்கு ஒன்று கூட இல்லை. 'இருந்தார்', அவ்வளவே.

"ஆச்சி என்ன செய்தாவ மாமா?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு ஒத்தாசையா இருந்தா. ரொம்பக் கஷ்டப்பட்டா."

"சரி, காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வாவ?"

"என்னல, கோர்ட்டுல கேக்க மாதிரி கேக்க?"

இப்படியே கொஞ்ச நேரம் ஓடியது. 'எப்படி இருந்தது', 'என்ன தோன்றியது' என்று கேட்டால் மறுபடியும் கஷ்டம், பாடு, தியாகம் என்ற சொற்களே வந்து விழுகின்றன. கையில் என்ன இருந்தது, யார் எங்கே நின்றார்கள், அடுத்து என்ன, கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் ஏதாவது பெயர்கிறது. கெட்டுப்போவதைப் பற்றிய கேள்வி எப்போதுமே நல்ல கேள்வி. ஒரு வேலையில் மனிதர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது அதில் வெளியே வந்துவிடும். பதநீர் எப்போது கெடும் என்று கேட்டேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்டுவது. தடவாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு குறைந்துபோனால் அரைகுறையாகப் புளிக்கும். அந்தப் பதநீரை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு பிசுபிசுவென்று நிற்குமே தவிர, கருப்பட்டியாக இறுகாது. எட்டு பத்து லிட்டர் பதநீர் வற்றினால்தான் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி. ஆக ஒரு பானை புளித்தால் அன்றைய ஏற்றம், விறகு, ஆச்சியின் பகல் எல்லாம் சேர்ந்து போயிற்று. பதநீர் நன்றாகவே இருந்தாலும் அப்புறம் போட்டு வைக்க முடியாது, வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் ஏற வேண்டும்.

"அப்ப ஆச்சி எப்ப சாப்பிடுவாவ?" என்றேன். இது நான் யோசித்துக் கேட்ட கேள்வி இல்லை, வாயில் வந்தது.

மாமா பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவிய ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிட்டது ஆடி முடிஞ்ச பொறவுதான். நான் இத யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லணும்னு தோணினதும் இல்ல" என்றார்.

மறுநாள் அவராகவே எழுதிக்கொண்டு வந்த பத்தி இது. நான் தொட்டது ஓரிரண்டு இடம்தான்.

"விடியுமுன் அப்பா முதல் மரத்தில் இருப்பார். அவர் இறக்கித் தரும் பதநீரை நான் விடிலிக்குக் கொண்டுபோவேன். அம்மா அடுப்பில் ஓலையும் உடைமுள் விறகும் வைத்துத் தயாராக இருப்பாள். பதநீர் பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுவாள், நுரை அடங்கும். உச்சி வெயில் நேரத்தில் பாகு பதம் ஏறத் தொடங்கும். அப்போதிருந்து துடுப்பை விடமாட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு நான் ஓடிவந்து கூப்பிட்டால் பதில் சொல்வாள், திரும்பமாட்டாள், திரும்பினால் அடிப்பிடித்துவிடும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் பானையை இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றுவாள். எல்லாச் சிரட்டையும் நிறைந்த பிறகு காலைக் கஞ்சியைக் குடிப்பாள். அதற்குள் அப்பா சாயங்கால ஏற்றத்துக்குப் போயிருப்பார். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது ஆடி மாதம் முடிந்த பிறகுதான்."

விடிலி என்றால் பதநீர் காய்ச்சும் ஓலைக் கொட்டகை என்று பிள்ளைகளுக்காக அடியில் ஒரு வரி போட்டோம்.

இந்தப் பத்தியில் கஷ்டம் என்ற சொல் இல்லை, உழைப்பு இல்லை, வியர்வை இல்லை. இதெல்லாம் எழுத்துப் பட்டறைகளில் சொல்வதுதான், புதிதில்லை. நான் நினைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது வேறு. முதல் பத்தி தாத்தாவைப் பற்றியது. இரண்டாவது பத்தி அவரைப் பற்றியே எழுத உட்கார்ந்து, ஆச்சியைப் பற்றியதாக முடிந்திருக்கிறது. விவரம் என்பதை நாம் பெரும்பாலும் மேல்பூச்சாக நினைக்கிறோம். விஷயம் முதலில் இருக்கிறது, அதற்கு நிறமும் மணமும் சேர்க்க விவரம் என்று. இங்கே அப்படி நடக்கவில்லை. விவரம் வரத் தொடங்கியதும் விஷயமே மாறிவிட்டது. 'உறுதுணை' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முழுத் தொழில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருஷமாக அந்தச் சொல் அதை மூடி வைத்திருந்தது, பெற்ற மகனிடமிருந்தே.

'திரும்பமாட்டாள்' என்பதற்குப் பிறகு வரும் 'திரும்பினால் அடிப்பிடித்துவிடும்' நான் கேட்டுச் சேர்த்தது. மாமா வேண்டாம் என்றார், "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்று. பாகு இறுகும் கட்டத்தில் கொஞ்ச நேரம் கிண்டாமல் விட்டால் அடியில் கருகி, பானை முழுக்கக் கசந்துபோகும் என்பது விடிலியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர் படித்தால், தாய் மகனிடம் முகம் கொடுக்காமல் இருந்தாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். செயலைக் காட்டிவிட்டுக் காரணத்தை விட்டுவிட்டால் விவரமும் பொய் சொல்லும். ஒரே ஒரு துணுக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தத்தையே திருப்பிவிட்டது. அதே சமயம், அதற்கு மேல் விளக்கவும் கூடாது. 'பாசம் இருந்தும் திரும்ப முடியவில்லை' என்று ஒரு சொல் கூட்டியிருந்தால் மறுபடி முதல் பத்திக்குப் போயிருப்போம்.

நூறு மரம்

விவரத்தின் ருசி கண்டதும் மாமாவுக்கு நிற்க முடியவில்லை. அடுத்து அவர் கொண்டுவந்தது நீளமான ஒரு வடிவம். முருக்குத்தடி, காலில் மாட்டும் தளைநார், இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டி, பாளையை நசுக்கும் இடுக்கி, ஆண்பனைக்கு ஒரு முறை, பெண்பனைக்கு ஒரு முறை. ஒவ்வொன்றும் சரியான தகவல். எங்காவது பத்திரப்படுத்தி வைக்க வேண்டிய தகவல் என்றும் சொல்வேன். ஆனால் கட்டுரையாகப் படித்தால் ஆச்சியும் இல்லை, தாத்தாவும் இல்லை, கருவிகள் மட்டும் வரிசையாக நின்றன. முதல் பத்தியில் ஆளை மறைத்தது வெற்றுச் சொல். இதில் மறைத்தது பொருள். இரண்டிலும் பேத்தி "நல்லாருக்கு தாத்தா" என்றுதான் சொல்லியிருப்பாள்.

எதை வைப்பது, எதை எடுப்பது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு விவரத்தைக் கையால் மூடிக்கொண்டு பத்தியைப் படிப்பது. மற்ற வாக்கியங்களில் ஏதாவது ஒன்று தளர்கிறதா என்று கவனிப்பது. ஆமணக்கு முத்தை மூடினால், ஆச்சி அடுப்பை விட்டு நகர முடியாது என்பது தளர்ந்துவிடுகிறது. பொங்குகிற பானைக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கையில் ஒரு மருந்து வேண்டும். எனவே அது இருக்கட்டும். சிரட்டையை மூடினால் 'எல்லாம் நிறைந்த பிறகு' என்பதற்கு எண்ணிக்கை இல்லாமல் போகிறது. அதுவும் இருக்கட்டும். முருக்குத்தடியை மூடினால் ஒன்றும் நடக்கவில்லை. போயிற்று. மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறி ஏறி தாத்தாவின் நெஞ்சில் காய்ப்புக் காய்த்திருந்தது என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அதை விட மனசில்லை. மாமாதான் அடித்தார். "பனையேறியப் பத்தி எவன் எழுதினாலும் இதத்தான் எழுதுதான்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எல்லாரும் எடுத்து எடுத்து, விவரமாக இருந்தும் 'கடுமையாக' என்பதைப் போலவே தேய்ந்துபோன ஒன்று அது. இருந்தாலும் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த நீளமான வடிவத்தில் 'அப்பா தினமும் நூறு மரம் ஏறுவார்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. எண் இருக்கிறதே, துல்லியம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். பெரியம்மா விடவில்லை. மாமாவுக்கு மூத்தவர் அவர், விடிலியில் ஆச்சிக்கு மறு கை. வாசித்துக் காட்டியபோது நடுவிலேயே, "நூறு மரமா? ஏல, அய்யா என்ன குரங்கா? காலைல முப்பது, சாயந்திரம் அதே முப்பது" என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் அந்த எண் பிடிபட்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மரத்தில் ஏறி, கலயத்திலிருந்து பதநீரை ஊற்றி, பாளையை மெல்லிசாகச் சீவி, கலயத்தை மறுபடி கட்டி, இறங்கி, அடுத்த மரத்துக்கு நடக்கப் பத்து நிமிஷமாவது வேண்டும். நூறு மரத்துக்கு ஆயிரம் நிமிஷம், பதினாறு மணி நேரத்துக்கும் மேல். அப்படியென்றால் கடைசி மரத்துப் பதநீர் விடிலிக்கு வரும்போது இருட்டியிருக்கும். ஆச்சி உச்சி வெயிலில் பதம் பார்த்தாள் என்பது நடந்திருக்கவே முடியாது. முப்பது என்றால் ஐந்து மணி நேரம். நான்கு மணிக்கு ஏறத் தொடங்கினால் ஒன்பதுக்கு முடியும், வெயில் ஏறுவதற்குள் பதநீர் அடுப்பில் இருக்கும், சாயங்காலம் பாளை காயாமல் இருக்க மறுபடி சீவப் போகலாம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. உண்மையான விவரங்களுக்கு இந்தக் குணம் உண்டு, ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும். நூறு என்பது எண்ணின் வேஷத்தில் வந்த 'கடுமையாக'. பிரமிக்க வைப்பதற்காகச் சேர்க்கும் எண் எப்போதும் கொஞ்சம் உருண்டையாக இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் நூறு, ஆயிரம் எல்லாம் பெரும்பாலும் 'நிறைய' என்பதற்கு இன்னொரு பெயர்.

நானும் ஒரு எண் வைத்திருந்தேன். மரம் நாற்பதடி என்று வைத்தாலும் அறுபது ஏற்றத்துக்கு இரண்டாயிரத்து நானூறு அடி, அதாவது தினமும் முக்கால் கிலோமீட்டர் நெட்டுக்குத்தாக. கணக்கில் தவறில்லை. மாமா கேட்டுவிட்டு, "எங்கப்பா கிலோமீட்டர்லயா ஏறினாவ? மரக்கணக்குல ஏறினாவ" என்றார். அதுவும் போயிற்று. சரியான எண்ணாகவே இருந்தாலும் அது தாத்தாவின் கணக்கில்லை, காகிதத்தில் உட்கார்ந்து நான் போட்டது. விடிலியில் யாரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள்.

பெரியம்மா கேட்டபோது

கடைசி வடிவத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். மாமாதான் வாசித்தார். ஆமணக்கு முத்து வந்த இடத்தில் பெரியம்மா தலையை ஆட்டினார். பதம் பார்க்கும் இடத்தில் வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக உரசிக்கொண்டன. 'காலைக் கஞ்சியைக் குடிப்பாள்' என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கஞ்சியா? கஞ்சி காய்ச்ச அம்மைக்கு அடுப்பு ஏது? இருந்த ஒரு அடுப்புல பதனிலா கெடக்கும். பழையதுதான் குடிப்பா. முந்தின நாள் ராத்திரி தண்ணி ஊத்தி வச்சது."

மாமா பேனாவை எடுத்துத் திருத்தினார். பத்தியில் நாங்கள் யாரும் கவனிக்காமல் விட்ட வாக்கியம் அதுதான். நம்பும்படி இருந்ததால் தப்பித்துவிட்டது. மாமா அந்த நேரத்தில் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். தெரியாத இடத்தை, எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரு பொதுக் கஞ்சியால் நிரப்பியிருக்கிறார். எவ்வளவு நுணுக்கமான பத்தியிலும் இப்படி ஒரு பொத்தல் இருக்கும் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த இன்னொரு ஆள் கண்டுபிடித்தால்தான் உண்டு.

"தொட்டுக்க என்னன்னும் எழுது. கருவாடு" என்றார் பெரியம்மா.

மாமா என்னைப் பார்த்தார். கையால் மூடிப் பார்க்கும் சோதனையை இப்போது அவரே செய்ய ஆரம்பித்திருந்தார். கருவாடு இல்லாவிட்டால் பத்தியில் என்ன குறையும்? ஒன்றும் குறையாது என்று அவருக்குத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான்.

"எந்தக் கருவாடு பெரியம்மா, ஆச்சி எப்ப அத வறுப்பாவ?" என்று கேட்டு வைத்தேன்.

"வறுக்கவா? பான அடுப்புல கெடக்கும்போதே தணல ஒரு பக்கமா இழுத்து, அதுல சுட்டுப் போடுவா. ஒத்தக் கையாலதான். இன்னொரு கையில துடுப்பு இருக்கும்லா."

மாமா 'பழையது' என்பதற்குப் பக்கத்தில், பேனா கீறிய ஓரத்தில், அதைப் பெரியம்மா சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டார். பக்கம் நிறைந்துவிட்டது என்று அச்சகத்தில் சொன்னபோது, கட்டுரையின் கடைசியில் தன் பெயருக்குக் கீழே இருந்த பட்டத்தையும் முகவரியையும் எடுத்துவிட்டு அந்த வரிக்கு இடம் பண்ணினார்.